14 துளைகளுக்கு ஓர் அனுமதிக் கடிதம்

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலை செய்யும் அறையில் புத்தகங்களுக்காக 90 செ.மீ. நீளத்தில் இரண்டு ஷெல்ஃப், சமையலறை மேடைக்கு மேலே ஒரு கேபினெட் (அகலம் 90, உயரம் 60, ஆழம் 30 செ.மீ.) மாட்ட வேண்டும். "சுவரில் சில ஷெல்ஃபும் ஒரு கேபினெட்டும் மாட்டிக்கொள்ள அனுமதி தாருங்கள், சுவருக்கு எந்தச் சேதமும் வராது" என்று வீட்டுக்காரருக்கு எழுதினேன். "பார்க்கலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில். ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மாற்றம் எதுவும் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நல்ல மனிதர்தான். மறுபடி கேட்டால் தொந்தரவாக நினைப்பாரோ? எப்படி எழுதினால் சம்மதிப்பார்?

பதில்: நான் கட்டடப் பொறியாளர். வாடகைக்கு விட்ட வீடுகளை உரிமையாளர்கள் சார்பில் கவனித்துக்கொள்வது என் வேலையில் பாதி. உங்களுடையதைப் போன்ற கடிதம் வந்தால் பல வீட்டுக்காரர்கள் அதை அப்படியே எனக்கு அனுப்பி, "இதுக்கு என்ன சொல்லலாம்?" என்று கேட்பார்கள். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். "சில" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். சில என்றால் எத்தனை? எந்தச் சுவரில்? அந்தச் சுவருக்குள் என்ன ஓடுகிறது? இதற்கெல்லாம் விடை தெரியாத வீட்டுக்காரர் "சரி" என்று சொன்னால், எதற்குச் சரி சொன்னோம் என்று அவருக்கே தெரியாது. "பார்க்கலாம்" என்றது மறுப்பு அல்ல. தீர்மானிக்கத் தேவையானது கையில் இல்லாதவர் வேறு என்ன சொல்ல முடியும்?

"எந்தச் சேதமும் வராது" என்ற உறுதியும் உங்களுக்கு உதவவில்லை. துளை போடுவதே சுவருக்கு ஒரு சேதம்தான், சிறியது, சரிசெய்யக்கூடியது. அது வராது என்று சொல்பவரை நம்புவதைவிட, இத்தனை துளை வரும், இப்படி அடைப்பேன் என்று சொல்பவரை நம்புவது எளிது.

வீட்டுக்காரர்கள் துளைக்காக மட்டும் பயப்படுவதில்லை என்பதை நான் என் தவறு ஒன்றிலிருந்து கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குடியிருந்த ஒருவருக்காக ஒரு சுவரில் நானே நின்று ஷெல்ஃப் மாட்ட வைத்தேன். வேலை சுத்தமாக முடிந்தது. பல வாரம் கழித்துச் சுவரின் மறுபக்கத்தில் பெயின்ட் கொப்பளித்தது. உடைத்துப் பார்த்தால், ஸ்குரூ ஒன்று தண்ணீர்க் குழாயின் ஓரத்தைத் துளைத்து உள்ளே நின்றது. துளைத்த ஸ்குரூவே தக்கையாக அடைத்துக்கொண்டிருந்ததால் அன்றைக்கு ஒரு சொட்டு நீரும் வெளியே வரவில்லை. மெல்ல மெல்லக் கசிந்த பிறகுதான் தெரிந்தது. துளையை அடைக்க ஒரு பிடி பட்டி போதும். அந்தச் சுவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் குழாய்க்காரர், கொத்தனார், பெயின்டர் என்று மூன்று பேர் தேவைப்பட்டார்கள். வீட்டுக்காரர் மனதில் ஓடுவது இந்த மூன்று பேருக்கான செலவுதான்.

எனவே அடுத்த கடிதத்தை எழுதும் முன் சுவரைப் பாருங்கள். அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம்.

முதலில் கம்பிகள். சுவருக்குள் மின்கம்பி போகும் பாதை பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்தோ பிளக் பாயிண்டிலிருந்தோ நேர் மேலாக, நேர் கீழாக அல்லது கிடையாகச் செல்லும். ஒழுங்காக வேலை செய்த எலக்ட்ரீஷியன் சாய்வாக இழுத்திருக்க மாட்டார். ஆனால் எல்லோரும் ஒழுங்காகச் செய்வதில்லை. ஆகவே போர்டுகளுக்கு நேர்கோட்டில் வரும் பட்டைகளை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தையும், பின்னால் துளைக்கும் முன், சுவருக்குள் கம்பியைக் காட்டும் டிடெக்டரால் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும். சுவரின் உச்சியிலும் இரண்டு சுவர் சேரும் மூலையிலும் 15 செ.மீ. அகலத்துக்குக் கை வைக்காதீர்கள். பல இடங்களில் கம்பிகளை அந்த ஓரங்களில்தான் கொண்டுபோவார்கள்.

அடுத்தது குழாய். சமையலறையில் குழாய் எந்த இடத்தில் சுவரைவிட்டு வெளியே வருகிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலும் கீழும் ஆபத்தான பகுதி. மறக்காமல் மறுபக்கத்துக்கும் போய்ப் பாருங்கள். நீங்கள் துளைக்கப்போகும் சுவரின் பின்னால் குளியலறை இருந்தால், அதன் குழாய்கள் இந்தப் பக்கத்துப் பூச்சுக்கு வெகு அருகில் கூட வந்திருக்கலாம். அறைகளைப் பிரிக்கும் சுவர் பல வீடுகளில் அரைச்செங்கல் தடிமன்தான், பூச்சு தவிர்த்துச் சுமார் 11 செ.மீ. அதில் இரு பக்கமிருந்தும் வேலை நடந்திருந்தால் நடுவில் மிஞ்சும் இடம் கொஞ்சம்தான். குளியலறை பின்னால் இருந்தால் வேறு சுவரைத் தேர்ந்தெடுங்கள். கடிதத்தில் "குளியலறைச் சுவரைத் தவிர்த்திருக்கிறேன்" என்று எழுதும் ஒரு வரி பத்து உறுதிமொழிக்குச் சமம்.

டைல்ஸ் மேல் துளை வேண்டாம். பூச்சில் விழுந்த துளையை மறைக்க முடியும், டைலில் விழுந்ததை மறைக்க முடியாது. விரிசல் விட்டால் அதே நிறத்தில் இன்னொரு டைல் கிடைப்பது அரிது. சமையலறையில் டைல்ஸ் முடிகிற கோட்டுக்கு மேலே வெறும் பூச்சு இருந்தால் கேபினெட்டின் ஸ்குரூக்கள் எல்லாம் அங்கேயே விழும்படி உயரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும் வேண்டாம்.

சுவர் எதனால் ஆனது என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கலாம், கடிதத்திலேயே கேட்டுவிடலாம். கேட்பதே உங்களுக்கு விஷயம் தெரியும் என்று காட்டும். விரல் முட்டியால் தட்டினால் உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தால் பெரும்பாலும் ஜிப்சம் பலகைத் தடுப்பு. ஒரே சீராகக் கெட்டியாக ஒலித்தால் செங்கல் அல்லது கான்கிரீட். கடைசியில் துளைக்கும்போது கொட்டும் தூளே உண்மையைச் சொல்லிவிடும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். மெஷின் திணறி, சாம்பல் நிறத் தூள் நறநறவென்று வந்தால் கான்கிரீட். சாம்பலோ வெள்ளையோ ஆன மாவு போன்ற தூள் கொட்டி, பிட் வெண்ணெயில் போவதுபோல் போனால் எடை குறைந்த ஏஏசி பிளாக். பிட் திடீரென்று உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக். கடைசி இரண்டிலும், ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்று தனியாக வரும் பிளக் வேண்டும், மெஷினில் இடிக்கும் ஹாமர் விசையையும் அணைத்துவிட வேண்டும். பிளக் பாக்கெட்டில் அச்சிட்ட எடையையும் நம்பி ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் கான்கிரீட்டுக்கான கணக்கு. செங்கலில் அது வெகுவாகக் குறையும், பிளாக்குகளில் இன்னும் குறையும்.

இப்போது எடைக்கு வருகிறேன். இங்கேதான் குடியிருப்பவர், வீட்டுக்காரர் இருவருமே தவறான பொருளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

உங்கள் கேபினெட்டை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. பலகை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோ. இரண்டு பக்கம், மேல், கீழ், நடுத்தட்டு, கதவுகள் எல்லாம் கூட்டினால் 1.7 சதுர மீட்டர். அதாவது 20 கிலோ. பின்பலகையும் கீல்களும் சேர்த்து 25 என்று வையுங்கள். உள்ளே 35 கிலோ சாமான் வைத்தால் மொத்தம் 60 கிலோ. கேட்டவுடன் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அந்த எடை பெரும்பாலும் ஸ்குரூவைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அதைச் சுவர் நன்றாகவே தாங்கும். சுவரால் தாங்க முடியாதது ஸ்குரூவை வெளியே இழுக்கும் விசை. கேபினெட் 60 செ.மீ. உயரமாக இருப்பதால் அதன் அடிப்பகுதி சுவரில் சாய்ந்து நிற்கிறது, மேல் ஸ்குரூக்கள் அதிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் பிடித்துக்கொள்கின்றன. எடையின் மையம் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. 60 கிலோவை 15-ஆல் பெருக்கி 55-ஆல் வகுத்தால் சுமார் 16 கிலோ இழுவை. மேலே நான்கு ஸ்குரூ இருந்தால் ஒன்றுக்கு 4 கிலோ.

அடுத்து ஷெல்ஃப். பலகை 25 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் முழுக்கப் புத்தகம் அடுக்கினால் பலகையோடு சேர்த்து 25 கிலோ வரும், கேபினெட்டில் பாதிகூட இல்லை. இரண்டு பிராக்கெட் என்றால் ஒன்றுக்கு 12.5 கிலோ. மையம் 12.5 செ.மீ. தள்ளி. பிராக்கெட்டின் அடி முனையிலிருந்து மேல் ஸ்குரூ 15 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்த ஒற்றை ஸ்குரூவை இழுக்கும் விசை 10 கிலோ. கேபினெட்டைவிட இரண்டரை மடங்கு!

பிராக்கெட் வெளியே தெரியாமல் சுவரிலிருந்து முளைத்தாற்போல் நிற்கும் ஷெல்ஃப் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. அதன் தடிமனே 4 செ.மீ.தான். உள்ளே மறைந்திருக்கும் இரும்புக்குப் பிடி கிடைப்பது 3 செ.மீ. அதே 25 கிலோவுக்கு இழுவை 100 கிலோவைத் தாண்டிவிடும். அதன் முன்விளிம்பில் யாராவது கை ஊன்றினால் கேட்கவே வேண்டாம். வாடகை வீட்டில் புத்தகத்துக்கு இந்த வகையை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். பிராக்கெட் வெளியே தெரிந்தால் தெரியட்டும். நீளமான கால் சுவர்மேல் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். பலகையின் இரு முனையிலிருந்தும் 15 செ.மீ. உள்ளே பிராக்கெட் வந்தால் நடுவில் பலகை தொய்வதும் குறையும்.

ஆக, துளைக் கணக்கு இப்படி வருகிறது. ஒரு ஷெல்ஃபுக்கு இரண்டு பிராக்கெட், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்குரூ, இரண்டு ஷெல்ஃபுக்கும் 8. கேபினெட்டை நேராகச் சுவரில் முடுக்காமல் முதலில் ஓர் இரும்புப் பட்டையை ரசமட்டம் வைத்துச் சுவரில் பொருத்தி, அதில் கேபினெட்டைத் தொங்கவிடுவது நல்லது. பட்டைக்கு 4, அடியில் ஆடாமல் இருக்க 2. மொத்தம் 14 துளை. எல்லாம் 8 மி.மீ. விட்டம். பூச்சே 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், அதில் பிடிமானம் கிடையாது. 40 மி.மீ. பிளக் போட்டால் பாதிதான் செங்கலைத் தொடும். ஆகவே 60 மி.மீ. பிளக், அதற்கு 70 மி.மீ. ஆழத்துளை. துளை செங்கலின் நடுவில் விழ வேண்டும், கலவை இணைப்பில் விழுந்தால் பிளக் சுழலும். சுழலும் பிளக்கை வைத்துக்கொண்டு ஸ்குரூவை முடுக்கி மனதைத் தேற்றிக்கொள்ளும் கார்ப்பென்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேறு துளை போடச் சொல்லுங்கள். அதனால் கடிதத்தில் 14 என்று எழுதிவிட்டு, தவறிப்போகும் துளைகளுக்காக இரண்டைக் கூடுதலாகக் கேட்டுவிடுங்கள். கேட்டதைவிடக் கூடினால்தான் மனஸ்தாபம் வரும்.

தூண், பீம் இரண்டிலும் துளைக்கவே வேண்டாம். உள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது, வீட்டுக்காரருக்கும் அது கட்டடத்தின் எலும்பு என்று தெரியும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு என்றால், அது பொதுச்சுவர். அதற்கு உங்கள் வீட்டுக்காரர் அனுமதி மட்டும் போதாமல் போகலாம், குடியிருப்புச் சங்கம் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை.

இனி நீங்கள் காலி செய்யும் நாள். பெரும்பாலான சச்சரவு துளைக்கும் அன்று நடப்பதில்லை, முன்பணத்தைத் திருப்பித்தரும் அன்றுதான் நடக்கிறது. துளையை அடைப்பது எளிது. பிளக்கில் ஸ்குரூவைப் பாதி முடுக்கி, குறடால் பிடித்து இழுத்தால் பிளக் வெளியே வந்துவிடும். வரவில்லையென்றால் 5 மி.மீ. உள்ளே தட்டிவிடலாம். பட்டியை ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்ததும் குழி விழும், அதனால் இரண்டு தடவையாக நிரப்பித் தேய்க்க வேண்டும். இதுவரை சரி. பிரச்சினை பெயின்ட். டப்பாவின் எண் அதேயாக இருந்தாலும் இரண்டு மூன்று வருடம் வெளிச்சம் பட்ட சுவரின் நிறம் மாறியிருக்கும். அடைத்த இடத்தில் மட்டும் பூசினால் 14 பொட்டு வைத்ததுபோல் தெரியும். எனவே "துளைகளை அடைத்துத் தருவேன்" என்று எழுதாதீர்கள். எந்தெந்தச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை பூசித் தருவீர்கள் என்று எழுதுங்கள். அது அவருக்கு நிம்மதி, உங்களுக்கும் ஒரு வரம்பு. நாளைக்கு யாரும் உங்களிடம் முழு வீட்டுக்கும் பெயின்ட் கேட்க முடியாது.

பொருள் யாருடையது என்பதையும் எழுதிவிட வேண்டும். சுவரோடு நிலையாகப் பொருத்திய பொருள் கட்டடத்தோடு சேர்ந்துவிட்டது என்று கருதும் சட்டங்கள் பல நாடுகளில் உண்டு. உங்கள் காசில் வாங்கிய கேபினெட்டைக் கழற்றும்போது "அது வீட்டோடது" என்று அவர் சொன்னால், எழுத்தில் ஒன்றும் இல்லாமல் வாதாடுவது கஷ்டம்.

இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அளவுகளை உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு நான் அனுப்பிய கடிதத்தில் விவரம் போதவில்லை. இப்போது அளவுகளோடு எழுதுகிறேன்.

வேலை அறையில் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் 90 செ.மீ. நீளமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள இரண்டு ஷெல்ஃப் மாட்ட விரும்புகிறேன். தரையிலிருந்து 140 செ.மீ., 180 செ.மீ. உயரத்தில் வரும். ஒவ்வொன்றும் புத்தகத்தோடு 25 கிலோவுக்கு மிகாது. சமையலறையில் மேடைக்கு மேல், டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே, 90 செ.மீ. அகலமுள்ள ஒரு கேபினெட். சாமானோடு 60 கிலோவுக்கு மிகாது. அதை இரும்புப் பட்டையில் தொங்கவிடுவேன்.

இதற்கு 8 மி.மீ. விட்டம், 70 மி.மீ. ஆழத்தில் 14 துளைகள் தேவை. இடம் தவறினால் இன்னும் இரண்டு. டைல்ஸ், தூண், பீம், குளியலறையை ஒட்டிய சுவர் எதையும் தொட மாட்டேன். சுவிட்ச் போர்டுகளுக்கும் குழாய்களுக்கும் நேர்கோட்டில் வரும் இடங்களை விட்டுவிட்டேன். துளைக்கும் முன் டிடெக்டரால் சோதிப்பேன். துளைகளின் இடத்தைச் சுவரில் காகித டேப் ஒட்டிக் குறித்து எடுத்த மூன்று படங்களையும், அளவு போட்ட ஒரு வரைபடத்தையும் இணைத்துள்ளேன். இந்தச் சுவர்கள் செங்கலா, பிளாக்கா என்பதையும், உள்ளே குழாயோ கம்பியோ போவது உங்கள் நினைவில் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இந்த வேலையில் அனுபவமுள்ள கார்ப்பென்டர் ஒருவர் பகல் நேரத்தில், அரை நாளில் செய்து முடிப்பார். அப்போது நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ உடனிருக்க விரும்பினால் உங்களுக்கு வசதியான நாளைக் குறித்துக்கொள்கிறேன். வேலையால் குழாய்க்கோ கம்பிக்கோ சேதம் நேர்ந்தால் உடனே தெரிவித்து என் செலவில் சரிசெய்வேன்.

ஷெல்ஃபும் கேபினெட்டும் என் பொருளாகவே இருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அவற்றைக் கழற்றி, துளைகளை அடைத்து, அந்த இரண்டு சுவர்களை மட்டும் மூலைக்கு மூலை இப்போதுள்ள நிறத்தில் பூசித் தருவேன். கேபினெட்டை விட்டுச்செல்லும்படி நீங்கள் விரும்பினால் அப்போது பேசிக்கொள்வோம்.

இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். சம்மதம் என்றால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள...

கடிதம் இவ்வளவுதான். கெஞ்சலும் வேண்டாம், ஒப்பந்தத்தின் விதியை அவருக்கே எடுத்துக்காட்டுவதும் வேண்டாம். "பக்கத்து வீட்டில் மாட்டியிருக்கிறார்களே" என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த வரி ஒரு தடவைகூட வேலை செய்து நான் பார்த்ததில்லை, அந்தப் பக்கத்து வீட்டின் கதை அவருக்குத்தானே தெரியும்! கடிதத்தில் மிக முக்கியமான பகுதி படங்கள். காகித டேப்பில் கேபினெட்டின் முழு உருவத்தையும் சுவரில் ஒட்டிக் காட்டினால், "சுவர் முழுக்கக் குத்திவிடுவார்களோ" என்ற கற்பனை அங்கேயே முடிந்துவிடும்.

அவர் தொலைபேசியில் "சரிம்மா, போட்டுக்கோங்க" என்று சொல்லக்கூடும். நன்றி சொல்லிவிட்டு, அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி, எனது கடிதத்தில் உள்ள 14 துளைகளுக்கும் சம்மதம் தந்தீர்கள், இந்த வார இறுதியில் வேலை. இதில் மாற்றம் இருந்தால் அதற்கு முன் சொல்லுங்கள்." அவர் ஒரு "ஓகே" போட்டாலும் உங்களுக்கு எழுத்து கிடைத்துவிட்டது. பதிலே வராவிட்டால் அது சம்மதம் ஆகாது. பத்து நாள் கழித்து, தொந்தரவு என்று தயங்காமல், "டிடெக்டரோடு ஆள் வருகிறார், நீங்களும் வந்து பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று தீர்ப்பு சொல்வதைவிட வந்து பார்ப்பது அவருக்கு எளிது.

வேலை நடக்கும் அன்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிட்டில் ஒட்டிவரும் தூள் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாகக் குழைந்து வந்தால் மெஷினை நிறுத்தி, பிட்டை வெளியே உருவாமல் அப்படியே விட்டு, முதலில் தண்ணீர் வால்வை மூடச் சொல்லுங்கள். அவசரப்பட்டு உருவினால்தான் பீய்ச்சியடிக்கும்.

ஷெல்ஃபுக்குச் சரி, கேபினெட் மட்டும் வேண்டாம் என்று அவர் சொன்னால், மேலே போட்ட கணக்கைக் காட்டலாம். இழுவை கேபினெட்டில்தான் குறைவு. அதற்கும் அவர் இசையாமல், நீங்கள் தரையில் நிற்கும் உயரமான அலமாரி ஒன்றை வாங்கிக்கொள்வதாக முடிவு செய்தால் துளைப் பேச்சு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். கனமான இழுப்பறைகளைச் சேர்த்து இழுத்தாலோ குழந்தை ஏறினாலோ அந்த அலமாரி முன்னால் கவிழும். அதன் உச்சியைச் சுவரோடு பிணைக்க இரண்டு ஸ்குரூ வேண்டும். அந்த இரண்டையும் கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.